வகுப்பு சாட்டில் குழந்தையின் பெயரில் தவறி வந்த மெசேஜ்கள்: பெற்றோருக்கு என்ன எழுதுவது?

*நான்காம் வகுப்புக்கு ஜூமில் பாடம் எடுக்கிறேன். இன்று ஒரு மாணவியின் பெயரில், எல்லாரும் பார்க்கும்படி சாட்டில் 6 மெசேஜ் வந்தது. முதலில் மூன்று முறை அர்த்தமில்லாத எழுத்துகள். அப்புறம் அவள் அம்மா யாருக்கோ கடன் பற்றி எழுதியது போல ஒரு வரி. உடனே "சாரி மிஸ்". கடைசியில் என்னைப் பற்றி ஒரு கிண்டல். அம்மாவின் போனில்தான் வகுப்புக்கு வருகிறாள். வேண்டுமென்று செய்த மாதிரி தெரியவில்லை. பெற்றோருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?*

எழுத உட்காரும் முன் ஒரு போன் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் சாட் கோப்பை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த ஆறும் ஒரே கையிலிருந்து, ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. ஆறையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடிதத்தில் வைத்தால், குழந்தைக்கும் அவள் அம்மாவுக்கும் நீங்கள் நினைக்காத சேதம் வந்துசேரும்.

வகுப்பு முடிவதற்குள் சாட்டைச் சேமித்திருந்தால், உங்கள் கணினியில் Documents உள்ளே Zoom என்ற ஃபோல்டரில், அந்தத் தேதியின் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் meeting_saved_chat.txt போன்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். தானாகச் சேமிக்கும் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தாலும் கோப்பு கிடைக்கும். அதில் ஒவ்வொரு வரியிலும் நேரம், யாரிடமிருந்து, யாருக்கு என்ற மூன்றும் இருக்கும். உங்கள் கோப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
10:17:08 மாணவி to Everyone: கககககக
10:17:09 மாணவி to Everyone: ககக
10:17:11 மாணவி to Everyone: கககககககக
10:26:40 மாணவி to Everyone: (கடன் பற்றிய வரி)
10:26:58 மாணவி to Everyone: ஐயோ சாரி மிஸ்
10:42:31 மாணவி to Everyone: செம போர் டி. இந்த மிஸ் எப்பதான் நிறுத்துவாங்க
```

முதல் மூன்றும் மூன்று விநாடிக்குள் வந்திருக்கின்றன. யோசித்து எழுதுகிறவர் இந்த வேகத்தில் மூன்று முறை அனுப்ப மாட்டார். தொடுதிரையில் எழுத்தையும் அனுப்பும் பொத்தானையும் மாறி மாறித் தட்டும் விளையாட்டு இது. தட்டியது அந்தப் பெண்ணின் விரலா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியின் விரலா என்று கோப்பு சொல்லாது. ஆகவே கடிதத்தில் "உங்கள் மகள் அனுப்பினாள்" என்று எழுதாதீர்கள். "உங்கள் மகளின் பெயரில் வந்தன" என்பதுதான் உங்களுக்குத் தெரிந்த உண்மை. (மாணவர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொள்ள நீங்கள் அனுமதித்திருந்தால், வேறொரு குழந்தை அந்தப் பெயரை வைத்துக்கொண்டதா என்பதையும் பங்கேற்பாளர் பட்டியலில் பார்த்துவிடுங்கள். அரிதுதான், ஆனால் நடக்கும்.)

நான்காவதுதான் சிக்கலானது. ஆண்ட்ராய்டு போன்களில் பரவலாக இருக்கும் கூகுள் கீபோர்டில், சற்றுமுன் காப்பி செய்த வாசகம் எழுத்துகளுக்கு மேலே உள்ள பட்டையில் ஒரு சிறு பொத்தானாக வந்து நிற்கும். கிளிப்போர்டு வசதி இயக்கத்தில் இருந்தால், காப்பி செய்தவை ஒரு மணி நேரம் வரை அங்கே சேர்ந்து கிடக்கும். வகுப்புக்கு முன் அம்மா ஒரு மெசேஜை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் ஒட்ட காப்பி செய்திருப்பார். குழந்தை சாட் பெட்டியைத் திறந்ததும் அது கண்ணுக்கு நேராக வந்து நின்றிருக்கும். ஒரு தட்டில் பெட்டிக்குள், இன்னொரு தட்டில் வகுப்பு முழுவதற்கும். 18 விநாடியில் "ஐயோ சாரி மிஸ்" வந்திருப்பதைப் பாருங்கள். அனுப்பிய பிறகுதான் அவளே அதை வாசித்திருக்கிறாள். இது தவறுதலாக நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆறாவது வேறு ரகம். "டி" என்ற விளியே அது ஒரு தோழிக்கு எழுதியது என்று காட்டுகிறது. எல்லாருக்கும் போனது எப்படி? ஜூம் சாட்டில், எழுதும் கட்டத்தின் பக்கத்தில் யாருக்கு என்பது தெரியும். ஆரம்பத்தில் அங்கே Everyone இருக்கும். ஒருமுறை தோழியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மாற்றும் வரை அந்தப் பெயரே நிற்கும். ஆனால் இணைப்பு அறுந்து, வெளியே போய் மறுபடி வகுப்புக்குள் வந்தால், தேர்வு பழையபடி Everyone ஆகிவிடும். குழந்தை அதைக் கவனிக்காது. ஐந்து நிமிஷத்துக்கு முன் தோழிக்குப் போய்க்கொண்டிருந்தது இப்போதும் அங்கேதான் போகும் என்று நினைத்துக்கொண்டு எழுதும். உங்கள் கணக்கில் பங்கேற்பாளர் அறிக்கை கிடைக்குமானால், அவள் உள்ளே வந்த, வெளியே போன நேரங்களைப் பாருங்கள். 10:41 வாக்கில் மறுபடி நுழைந்திருந்தால் விஷயம் விளங்கிவிட்டது. அப்படி எதுவும் இல்லாவிட்டால், பெயரைத் தேர்ந்தெடுக்க மறந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய இடம்தான் தவறு. சொன்ன சொல் அவளுடையதே. அதனால் இதையும் "தெரியாமல் வந்தது" என்று பூசி மெழுக வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தை பாடம் அலுப்பதைத் தோழியிடம் முணுமுணுப்பது வகுப்பறையில் தினமும் நடப்பதுதான். அங்கே காதில் விழாது, இங்கே எழுத்தில் நின்றுவிட்டது. கடிதத்தில் இந்த வரிக்குத் தர வேண்டிய எடையும் அதே அளவுதான்.

கூடவே, மாணவர்கள் தங்களுக்குள் தனியாகச் செய்தி அனுப்ப முடிந்தது என்றால், உங்கள் அமைப்பில் Everyone and anyone directly என்ற தேர்வு இருந்திருக்கிறது என்று அர்த்தம். அது ஆசிரியர் கையில் இருக்கும் அமைப்பு. கடிதத்தில் உங்கள் பங்காக ஒரு வரி வருவது நியாயம். பெற்றோரும் அதை வாசித்ததும் தற்காப்பை விட்டு இறங்கிவிடுவார்கள்.

இப்போது போன். அம்மாவை அழையுங்கள், அவரை மட்டும். போன் அப்பாவின் கையில் இருந்தால், "அவங்க ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடச் சொல்லுங்க, அவசரம் ஒண்ணுமில்லை" என்று வைத்துவிடுங்கள். ஏன் இத்தனை கவனம் என்றால், கடன் பற்றி ஒருவர் எழுதிய செய்தி வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்த செய்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதைக் கடிதத்தில் எழுதினால், வகுப்புக்குத் தெரிந்தது போதாதென்று வீட்டுக்கும் நீங்களே தெரிவித்ததாகிவிடும். அம்மாவிடம் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: உங்கள் போனில் காப்பி ஆகியிருந்த ஒரு வரி சாட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, இத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், நான் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை, உங்கள் மகள் உடனே சாரி சொன்னாள். என்ன வரி என்று அவர் கேட்டால் படித்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால் "கொடுக்கல் வாங்கல் பற்றிய ஒரு வரி" என்பது போதும், அவருக்குப் புரிந்துவிடும். உங்கள் கருத்தோ ஆறுதலோ தேவையில்லை.

கீபோர்டை எப்படிச் சரிசெய்வது என்பதையும் அதே போனில் சொல்லிவிடலாம். ஏதாவது எழுதும் இடத்தைத் தொட்டால் கீபோர்டு வரும். மேல் பட்டையில் கிளிப்போர்டு படத்தைத் தொட்டால் (பட்டையில் இல்லாவிட்டால் ஓரத்தில் உள்ள மெனுவுக்குள் இருக்கும்) சேர்ந்து கிடப்பவை தெரியும். அங்கேயே அவற்றை அழிக்கலாம், வசதியை அணைத்தும் வைக்கலாம். இதெல்லாம் வேண்டாம் என்பவருக்கு ஒரு குறுக்குவழி: வகுப்புக்கு முன் ஏதாவது ஒரு சாதாரணச் சொல்லைக் காப்பி செய்துவிடுவது. பட்டையில் அதுதான் வந்து நிற்கும். பழையது உள்ளே இருக்கும் என்பதால் இது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் கை தவறினால் போவது அந்தச் சாதாரணச் சொல்லாகத்தான் இருக்கும்.

போன் முடிந்த பிறகு கடிதம். அன்று மாலைக்குள் போய்விடட்டும். நாள் தள்ளினால் தோழியின் அம்மா மூலம் வேறு வடிவத்தில் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு போன் திரையை இரண்டு முறை தள்ளினால் முடிகிற நீளம் போதும். இப்படி எழுதலாம்:

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> வணக்கம். இன்றைய கணக்கு வகுப்பில் உங்கள் மகளின் பெயரில் சாட்டில் வந்த சில செய்திகளைப் பற்றி எழுதுகிறேன். கவலைப்படும்படி எதுவும் இல்லை. நடந்ததை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதே முறை என்பதால் இந்தக் கடிதம்.
>
> 10:17 மணிக்கு, மூன்று விநாடிக்குள், "க" என்ற எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப மூன்று செய்திகளாக வந்தது. திரையில் கை பட்டு வந்தது போலத் தெரிகிறது.
>
> 10:42 மணிக்கு "செம போர் டி. இந்த மிஸ் எப்பதான் நிறுத்துவாங்க" என்று ஒரு செய்தி வந்தது. அது ஒரு தோழிக்கு எழுதியது, எல்லாருக்கும் போய்விட்டது. இணைப்பு போய்த் திரும்பி வந்தால் ஜூம் தானாகவே "எல்லாருக்கும்" என்ற தேர்வுக்கு மாறிவிடும். அது அவளுக்குத் தெரிந்திருக்காது.
>
> வகுப்பில் நான் எதையும் வாசிக்கவில்லை, அவள் பெயரையும் சொல்லவில்லை. 10:43 மணிக்கு சாட்டை எல்லாருக்கும் நிறுத்திவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். மாணவர்கள் தங்களுக்குள் தனியாகச் செய்தி அனுப்பும் வசதியை நான் அணைக்காமல் விட்டிருந்தேன். நாளையிலிருந்து பாட நேரத்தில் அவர்கள் எழுதுவது எனக்கு மட்டும் வரும்.
>
> உங்களிடம் ஒரே ஒரு உதவி. நாளை வகுப்புக்கு முன் இரண்டு நிமிடம் அவளுடன் உட்கார்ந்து, சாட்டில் "யாருக்கு" என்று காட்டும் இடம் எது என்பதைக் காட்டச் சொல்லுங்கள். எழுதும் முன் ஒருமுறை, இணைப்பு போய் வந்தால் இன்னொரு முறை அதைப் பார்த்தால் போதும்.
>
> பாடம் அலுத்தது என்பதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்காக அவளைக் கண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பதிவில் இது எதுவும் ஏறாது. பேச விரும்பினால் மாலை 5 மணிக்கு மேல் அழைக்கலாம்.
>
> அன்புடன்,
> வகுப்பு ஆசிரியர்

இதில் நான்காவதும் ஐந்தாவதும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "சாரி மிஸ்" குழந்தைக்கு நல்ல பெயர் வாங்கித் தரும் வரிதான். ஆனால் அதைச் சேர்த்தால் எதற்குச் சாரி என்ற கேள்வி வரும். அதை அம்மாவிடம் சொல்லியாயிற்று, போதும். அதே காரணத்தால் "மொத்தம் 4 செய்திகள்" என்றும் எழுதக் கூடாது. "சில செய்திகள்" என்றால் பொய் இல்லை. மொத்தம் என்று எண் போட்டால் பொய்யாகிவிடும். ஸ்கிரீன்ஷாட் இணைக்காதீர்கள். அதில் நடுவிலுள்ள வரியும் வந்துவிடும், மற்றக் குழந்தைகளின் பெயர்களும் வந்துவிடும். பெற்றோர் கேட்டால் 10:42 வரியை மட்டும் வெட்டி அனுப்பலாம்.

கிண்டல் வரியை மட்டும் அப்படியே மேற்கோளாகத் தர வேண்டும். "என்னைப் பற்றித் தகாத முறையில் ஒரு செய்தி" என்று மூடி எழுதினால் பெற்றோர் அதைவிடப் பத்து மடங்கு மோசமாகக் கற்பனை செய்வார்கள். குழந்தை "நான் போர்னுதான் சொன்னேன்" என்றால், பொய் சொல்கிறாள் என்று அதற்கு வேறு அடி விழும். சொல்லை அப்படியே பார்த்தால் முக்கால்வாசிப் பெற்றோர் சிரித்துவிடுவார்கள்.

இந்த மாதிரிக் கடிதங்களைக் கெடுக்கிற வரிகள் பெரும்பாலும் கடுமையான வரிகள் அல்ல, மென்மையாக ஊசி வைத்தவை. "இது தற்செயல் என்றே நம்ப விரும்புகிறேன்" என்று எழுதினால் நம்பவில்லை என்று பொருள். "இனி இப்படி நடக்காது என்று எதிர்பார்க்கிறேன்" என்றால் எச்சரிக்கை. கை பட்டு வருவது இனியும் நடக்கத்தான் செய்யும். "வீட்டில் யாராவது பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்பது வேலைக்குப் போகும் அம்மாவைக் குற்றம் சொல்வது. எழுதி முடித்த பிறகு இவை உள்ளே நுழைந்திருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள். நம்மைக் கிண்டல் செய்ததைப் பற்றி எழுதும்போது கை தானாக அங்கே போகும்.

தோழியின் பெயரை எழுத வேண்டாம், யார் என்று குழந்தையிடம் விசாரிக்கவும் வேண்டாம். மாணவர்கள் தங்களுக்குள் அனுப்பிய தனிச் செய்திகள் உங்களுக்குத் தெரியாது. சேமித்த கோப்பிலும் நீங்கள் பார்க்க முடிந்தவை மட்டுமே இருக்கும். தெரியாததைத் தோண்டினால் ஒரு சின்ன விஷயம் இரண்டு வீட்டு விஷயமாகும். கிண்டல் உங்களைப் பற்றி இல்லாமல் இன்னொரு குழந்தையைப் பற்றி இருந்திருந்தால் கதை வேறு. அப்போது அந்தக் குழந்தையின் பெற்றோருக்கும் அன்றே சொல்ல வேண்டும், எழுதியது யார் என்ற பெயர் இல்லாமல். இந்தக் கடிதத்திலும் "கண்டிக்க வேண்டாம்" என்ற வரிக்குப் பதிலாக, அந்தக் குழந்தையிடம் என்ன சொல்வது என்று வீட்டில் பேசச் சொல்லும் வரி வர வேண்டும். தவறிப் போனது என்பதால் காயம் குறைந்துவிடாது.

கடிதத்தை அனுப்பும்போது நீங்களும் "யாருக்கு" என்பதைப் பாருங்கள். பெற்றோர் குழுவில் போட்டுவிட்டு அலறுகிற ஆசிரியர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் இருக்கிறது. ஆனால் பார்த்தவர் பார்த்ததுதான், அழித்த தடமும் அங்கே நிற்கும். தனிச் செய்தியில் கடிதத்தை எழுதுவதைவிட, வேறெங்காவது எழுதி முடித்து, பெற்றோரின் தனி எண்ணைத் திறந்து ஒட்டுவது நல்லது.

சாட் அமைப்பில், வகுப்பு நடத்துபவருக்குத் தெரியும் பட்டியலில் Host and co-hosts என்பதைத் தேர்ந்தெடுத்தால் குழந்தைகள் எழுதுவது உங்களுக்கு மட்டும் வரும். கடைசி ஐந்து நிமிஷம் Everyone என்று திறந்துவிடலாம், பிள்ளைகளுக்கும் பேச ஆசை இருக்கும். நாள் முழுக்க மூடியே வைத்தால் அவர்கள் வேறு ஆப்பில் குழு தொடங்கிவிடுவார்கள், அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். வராத மாணவர்களுக்காக வகுப்பை கிளவுடில் பதிவு செய்திருந்தால், இணைப்பைப் பகிரும் முன் அதனுடன் சாட் கோப்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாருக்கும் போன செய்திகள் அதில் இருக்கும். அம்மாவின் வரி வகுப்பில் இருந்தவர்களைத் தாண்டிப் போக இதுவும் ஒரு வழி, இதை மறந்துவிடுவது எளிது. சாட் கோப்பை மட்டும் நீக்கிவிட்டுப் பதிவைப் பகிருங்கள்.

கிளிப்போர்டு விஷயத்தை எல்லாப் பெற்றோருக்கும் பொது அறிவிப்பாகச் சொல்வது நல்லதுதான், ஆனால் இன்று வேண்டாம். இன்று சொன்னால் எல்லாரும் அந்த வரியை நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து, வகுப்புக்கு முன் சார்ஜ் பாருங்கள், அறிவிப்பு ஒலியை நிறுத்துங்கள் என்பவற்றோடு மூன்றாவதாக வரட்டும்.

பெற்றோர் பதிலில் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினால், "நன்றி, எங்கள் பக்கம் இது முடிந்துவிட்டது" என்று ஒரு வரி போதும். "போனைப் பிடுங்கி வைத்துவிட்டோம், இனி இரண்டு நாள் வகுப்புக்கு வரமாட்டாள்" என்று வந்தால் மட்டும் உடனே அழைத்துப் பேசுங்கள், எழுத வேண்டாம். மறுநாள் வகுப்பில் அவளை முதல் பத்து நிமிஷத்துக்குள் ஒரு சாதாரணக் கேள்விக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மற்றவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில். பதில் வந்து பேச்சு முடிந்த பிறகு, உங்கள் கணினியில் உள்ள சாட் கோப்பிலிருந்து 10:26:40 வரியை நீக்கிவிடுங்கள். பள்ளி விதிப்படி கோப்பை வைத்திருக்க வேண்டுமென்றால், அதைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைக்காமல் உங்கள் கணினியிலேயே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.